புழுவெட்டா, பிள்ளையின் கையா?

"டாக்டர், என் மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அவள் அப்பா கல்ஃபில் வேலை பார்க்கிறார். மூன்று மாதமாக அவள் தலையில் வலது பக்கம், காதுக்கு மேலே உச்சியை ஒட்டி முடி குறைந்துகொண்டே போகிறது. முழுக்க வழுக்கையாகவும் இல்லை. கொஞ்சம் குட்டி முடி, கொஞ்சம் நடுத்தர முடி என்று தாறுமாறாக நிற்கிறது. மாமியார் புழுவெட்டு என்று சொல்லி தினமும் சின்ன உள்ளி அரைத்துத் தேய்க்கிறார்கள். பிள்ளை எரிகிறது என்று அழுகிறாள். ஒரு டாக்டரிடம் காட்டினோம், தலையில் ஊசி போட வேண்டும் என்றார். இது புழுவெட்டுதானா? ஊசி போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உள்ளி தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். ஊசிக்கும் இப்போது சம்மதிக்க வேண்டாம். தலையை நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முடியின் நீளத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால் எனக்குப் புழுவெட்டு மேல் சந்தேகம் குறைவு. பிள்ளை தன் கையாலேயே, பெரும்பாலும் தான் செய்வது தெரியாமலே, முடியை இழுக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தோன்றும். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் அவளிடம் பேசுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், புழுவெட்டில் முடி போகும் விதமே வேறு. மருத்துவத்தில் அலோபீசியா ஏரியேட்டா என்கிறோம். பெயரில் புழு இருந்தாலும் அதில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் முடியின் வேரைத் தவறாக எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. ஒரு வட்டத்துக்குள் இருக்கிற வேர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அடிபடுவதால் முடி மொத்தமாக உதிர்ந்து, ஒரு ரூபாய் நாணயம் வைத்த மாதிரி வட்டமாக, வழுவழுப்பாக ஆகிவிடும். விரலால் தடவினால் உள்ளங்கையைத் தடவுவது போல இருக்கும்.

கை இழுக்கும்போது அப்படி நடக்காது. விரலில் இன்றைக்கு ஒரு முடி சிக்குகிறது, அது வேரோடு வருகிறது. நாளைக்கு வேறொன்று சிக்கி பாதியில் அறுந்துபோகிறது. போன மாதம் அறுந்துபோன முடி இதற்குள் மறுபடி ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும், ஏனென்றால் தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆக, ஒரே திட்டுக்குள் அரிசி நீளத்தில் ஒன்று, நகம் நீளத்தில் ஒன்று, விரல் நீளத்தில் ஒன்று என்று கலந்து நிற்கும். நாஞ்சில் நாட்டு வயலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். அறுப்பு முடிந்த வயலில் தாள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். ஆடு புகுந்து மேய்ந்த வயலில் ஒன்று வேரோடு போயிருக்கும், ஒன்று பாதி, ஒன்று முழுசு. உங்கள் மகளின் தலை ஆடு மேய்ந்த வயல் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தலைக்குக் குளிக்காத ஒரு நாளில், காலை வெளிச்சத்தில், வாசலில் உட்கார வைத்து, பேன் பார்க்கிற சாக்கில் பாருங்கள். குளித்த அன்று பார்த்தால் உதிர வேண்டிய முடி ஏற்கெனவே போயிருக்கும், முடிவு தவறாகிவிடும்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சொரசொரவென்று, சவரம் செய்து இரண்டு நாள் ஆன தாடி மாதிரி பட்டால் அது அறுந்த முடி. அப்புறம் திட்டின் ஓரத்தில் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக உருவி எடுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. புழுவெட்டு பரவிக்கொண்டிருக்கிற தலையில் ஆறேழு முடியாவது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். கையால் இழுக்கிற பிள்ளையின் தலையில் ஒன்றோ இரண்டோ வரும், அல்லது ஒன்றுமே வராது, ஏனென்றால் அந்த வேர்கள் ஆரோக்கியமாகவே இருக்கின்றன.

திட்டின் வடிவத்தையும் பாருங்கள். புழுவெட்டு வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கும். கை போகும் இடம் ஓரங்கள் கோணல் மாணலாக, எல்லை எங்கே என்று சொல்ல முடியாதபடி இருக்கும். உங்கள் மகள் வலது கையால் எழுதுகிறவளா? திட்டும் வலது பக்கம், அதுவும் கை எளிதாக எட்டும் இடம். இது மட்டும் சாட்சி ஆகாது, ஆனால் மற்றதோடு சேர்த்துப் பார்க்கும்போது எடை கூடும். கடைசியாக அவள் கை நகங்களைப் பாருங்கள். தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையில் இருப்பது போல நகத்தில் சிறுசிறு குழிகள் தெரிந்தால் அது புழுவெட்டின் பக்கம் சாய்க்கும். குழி இல்லாவிட்டால் புழுவெட்டு இல்லை என்று அர்த்தம் இல்லை, நிறைய பேருக்கு நகம் நன்றாகவே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். அறுந்த முடி என்றாலே கைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிள்ளைகளின் தலையில் வரும் படர்தாமரையிலும் முடி அறுந்து நிற்கும். அந்தப் பூஞ்சை முடியின் தண்டுக்குள்ளேயே புகுந்து அதை நொறுங்க வைக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலும் தோலில் வெள்ளைச் செதில் உதிரும், அரிப்பு இருக்கும், பின்கழுத்தில் சிறு நெறி கட்டும், வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் அதே மாதிரி இருக்கலாம். சந்தேகம் இருந்தால் டாக்டர் இரண்டு முடியையும் கொஞ்சம் செதிலையும் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். செலவு குறைந்த பரிசோதனை. பூஞ்சை என்று தெரிந்தால் களிம்பு மட்டும் போதாது, சில வாரம் வாயால் மாத்திரை சாப்பிட வேண்டும். புழுவெட்டுக்குத் தலையில் போடும் ஊசி ஸ்டீராய்டு. பூஞ்சை உள்ள தலையில் அதைப் போட்டால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். ஊசிக்கு அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என்னுடைய தவறு. பல வருடங்களுக்கு முன்னால் கடலோரக் கிராமத்திலிருந்து 11 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். உச்சியில் ஒரு திட்டு. நான் புழுவெட்டு என்று சொல்லி, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை ஸ்டீராய்டு ஊசி போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டாள். முடி வளரவில்லை. ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து சிறு பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். நான்காவது தடவை வந்தபோது அவள் அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிள்ளை படிக்கிற மேசைக்கும் சுவருக்கும் இடையில் பெருக்கும்போது கிடைத்த முடி. ஒன்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நீள நீளமாக, சில வேரோடும் சில அறுந்தும் கிடந்தன.

அப்போதும் அந்தப் பிள்ளை, நான் இல்லை என்றுதான் சொன்னாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. அவளும் அம்மாவும் சம்மதித்த பிறகு, திட்டுக்கு உள்ளே இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் வாராவாரம் சவரம் செய்யச் சொன்னேன். ஒரு மாதம் அப்படிச் செய்துவிட்டு நிறுத்தியதும், அந்தச் சதுரத்தில் முடி அடர்த்தியாக, ஒரே உயரத்தில், புல் மாதிரி எழுந்து வந்தது. அதைச் சுற்றி இருந்த இடம் பழையபடி தாறுமாறாகவே கிடந்தது. காரணம் எளிமையானது. சவரம் செய்த முடி விரலுக்குள் பிடிபடாது. பிடிபடாத முடியை இழுக்க முடியாது. இழுக்காத முடி வளர்கிறது. வேரில் நோய் இருந்திருந்தால் அந்தச் சதுரமும் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். புழுவெட்டு தானாக ஆறுவதும் உண்டு, ஆனால் அப்போது சதுரத்துக்கு வெளியேயும் சேர்ந்து வளரும். அந்தப் பிள்ளையை ஒப்புக்கொள்ள வைக்காமலே உண்மை தெரிந்துவிட்டது. இன்றைக்கு டெர்மோஸ்கோப் என்ற கைலென்ஸ் இருப்பதால் இந்தச் சவரச் சோதனை அநேகமாகத் தேவைப்படுவதில்லை. அந்த லென்ஸில் பார்த்தால் வெவ்வேறு உயரத்தில் அறுந்த முடிகளும், நுனி பிளந்த முடிகளும், இழுத்த இழுப்பில் சுருண்டுபோன முடிகளும் தெரியும். புழுவெட்டு என்றால் திட்டின் ஓரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், மேலே தடித்து அடியில் மெலிந்து, ஆச்சரியக்குறி போல முடிகள் நிற்கும், தோலில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஆச்சரியக்குறி முடி எப்போதாவது கையால் இழுத்த தலையிலும் தென்படும் என்பதால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

நான் அன்றைக்குச் செய்த தவறு ஊசியில் தொடங்கவில்லை. முடியின் நீளத்தைப் பார்க்காமல் திட்டை மட்டும் பார்த்ததில் தொடங்கியது. நீங்கள் அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருவோம். இப்படி முடியை இழுக்கும் பழக்கத்துக்கு ட்ரைக்கோட்டிலோமேனியா என்று பெயர். 1889-ல் பிரான்சில் அலோப்போ என்ற தோல் மருத்துவர் வைத்த பெயர். மேனியா என்ற சொல்லைக் கேட்டு பயந்துவிட வேண்டாம், பிள்ளைக்குப் பைத்தியம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. விரல் சூப்புவது, நகம் கடிப்பது போல உடம்போடு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம். நிறைய பிள்ளைகள் படிக்கும்போதும், டி.வி. பார்க்கும்போதும், தூக்கம் வரும் நேரத்திலும் கை மேலே போவதை உணர்வதே இல்லை. சிலருக்கு முடியை இழுத்ததும் மனதுக்குள் ஒரு இறுக்கம் விட்ட மாதிரி இருக்கும். ஆகவே "நீ முடியைப் பிடுங்குகிறாயா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவேளை அவளுக்குத் தெரியாது, அல்லது வெட்கமாக இருக்கிறது.

முதல் ஒரு வாரம் எதுவும் கேட்காமல் கவனியுங்கள். ஒரு பழைய நோட்டில் எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்திருந்தாள், எந்தக் கை போனது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். தலையணை உறைக்குள், கட்டிலின் சுவர்ப் பக்கம், பள்ளிக்கூடப் புத்தகங்களின் நடுவே முடி கிடக்கிறதா பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது என்றும் யோசியுங்கள். அவள் அப்பா லீவு முடிந்து திரும்பிப் போன சமயமா, பள்ளியில் ஏதாவது பிரச்சினையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனதா. காரணம் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் ஒன்றை உருவாக்க வேண்டாம்.

அந்த வாரம் முடிந்த பிறகு, அவளும் நீங்களும் மட்டும் இருக்கும்போது, "நிறைய பிள்ளைகளுக்குக் கை தானாகத் தலைக்குப் போகுமாம் மக்களே, உனக்கு எப்போ போகும்?" என்று கேளுங்கள். போகுமா என்று கேட்காமல் எப்போது போகும் என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வழி கிடைக்கும். உங்கள் மாமியாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் உள்ளி அரைத்தார்கள், அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் உள்ளியால் வேருக்கு இங்கே நன்மை இல்லை. எரிச்சலும் அரிப்பும் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேதான் கை திரும்பத் திரும்பப் போகும் என்று சொன்னால் அவர்களே புரிந்துகொள்வார்கள். திட்டுவது, கையில் அடிப்பது, சொந்தக்காரர்கள் முன்னால் தலையைக் காட்டுவது, இவை மூன்றும் வேண்டாம். யாராவது மொட்டை போட்டால் சரியாகும் என்பார்கள். முடி ஒரே மாதிரி முளைக்கும், உண்மைதான். விரலுக்கு எட்டும் நீளம் வந்ததும் கை மறுபடி போகும். இடைப்பட்ட நாட்களில் நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போய் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பயிற்சிதான். பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி என்று சொல்லலாம். முதல் படி, கை மேலே போவதைப் பிள்ளையே கண்டுபிடிப்பது. உங்கள் இருவருக்குள்ளும் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். கை போகும்போது நீங்கள் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டாவது படி, கைக்கு மாற்று வேலை. சொல் காதில் விழுந்ததும் அல்லது தானே உணர்ந்ததும், முழங்கையை உடம்போடு ஒட்டி, கையை மூடி, வலிக்காத அளவுக்கு இறுக்கி ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். கை மூடியிருக்கும்போது விரல் முடியைப் பிடிக்க முடியாது, அந்த ஒரு நிமிடத்தில் இழுக்க வேண்டும் என்ற உந்துதலும் தணியும். ஆரம்பத்தில் தினமும் இரண்டு தடவை, இழுக்காத நேரத்திலும் விளையாட்டு மாதிரி பழகிக் காட்டுங்கள். மூன்றாவது, சூழலைச் சற்று மாற்றுவது. இதற்கு நம் ஊர்த் தேங்காய் எண்ணெய் கைகொடுக்கும். எண்ணெய் தேய்த்து இறுக்கமில்லாமல் பின்னிய முடி வழுக்கும், விரலுக்கு எளிதில் பிடிபடாது. இரவில் மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிவிடலாம். படிக்கும்போது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒட்டும் பேண்டேஜ் சுற்றினால் முடி தொடும் உணர்வு மாறிவிடும், கை போனதும் அவளுக்கே தெரியும். உங்கள் நோட்டில் எந்த நேரம் அதிகம் வருகிறதோ அந்த நேரத்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

இதை வீட்டில் தொடங்கலாம், ஆனால் ஒரு மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ கூட இருந்து நடத்தினால் நன்றாக இருக்கும். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டும் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டு பேரையும் பார்த்துவிடலாம். இந்த வயதில் மாத்திரையில் தொடங்குவதில்லை. பெரியவர்களிடம் ஓரளவு பலன் காட்டிய என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்தைப் பிள்ளைகளிடம் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாமல் பாருங்கள். பிடுங்கிய முடியை அவள் வாயில் வைக்கிறாளா, கடிக்கிறாளா? சில பிள்ளைகள் விழுங்குவார்கள். முடி செரிக்காது. இரைப்பையிலேயே தங்கி, மேலும் மேலும் சுருண்டு, கடைசியில் ஒரு பந்து மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள், அடிக்கடி வயிற்று வலி, வாந்தி, எடை குறைகிறது, மேல்வயிற்றில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது என்றால் நோட்டு எழுதும் வாரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும், முடி விழுங்குகிற பழக்கம் இருப்பதை டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். பெரிய பந்தாகிவிட்டால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனையில் இது புழுவெட்டுதான் என்று தெரிந்தால் அதற்கும் கலங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சிறு திட்டாக வருவது பல நேரம் ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடுகிறது. 9 வயதில் பொதுவாகப் பூசுகிற மருந்தில் தொடங்குவோம். ஊசி வலிக்கும் என்பதால் சிறு பிள்ளைகளுக்குக் கடைசியாகத்தான் அதை யோசிப்போம்.

கைதான் காரணம் என்றால் மூன்று மாதம் என்பது தாமதமே இல்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இழுத்தால்தான் வேர் தழும்பாகும். இன்றைக்கு அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒன்று எடுங்கள். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில், கை நின்றால் அறுந்த முடிகள் மூன்று மாதத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். நடுவில் பரீட்சை வரும், காய்ச்சல் வரும், மறுபடி நாலு நாள் கை போகும். அந்த நாட்களை நோட்டில் குறித்துவிட்டு, பயிற்சியை அப்படியே தொடருங்கள்.

தோல் டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், லென்ஸில் சரியாகத் தெரியாது. நோட்டையும் போட்டோவையும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் முடி கிடைத்திருந்தால் அதையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். அதை மகளுக்கு முன்னால் பிரிக்காமல் தனியாகக் காட்டுங்கள். புறப்படும் முன் அவளிடம், இன்றைக்கு லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், ஊசி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடமும் அறைக்குள் நுழைந்ததும் அதை முதலில் சொல்லுங்கள்.